ஆறாவது கட்டம்: சேலம் மாவட்ட மேல்நிலைத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி கட்டுரைப் போட்டி ஒன்றுக்காகக் கீழே இறங்கி வந்தாள். மலைச் சுற்றுலாவுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்று எழுதினாள். பரிசு கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நடுவர் அவளை அழைத்துச் சொன்ன காரணம்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது. “தலைப்புக்கு எதிராகவும் எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று உனக்கே தெளிவில்லை” என்றாராம்.

அவள் எதிர்வாதம் எழுதியிருந்தாள். எழுதச் சொன்னவன் நான். அன்று மாலை எனக்கு நடுவர் மேல் கோபம்தான் வந்தது. மறுநாள் அவளுடைய கரட்டு நகலை வாங்கிப் படித்த பிறகு, தவறில் பாதி என்னுடையது என்று புரிந்தது. அவள் எழுதியிருந்த பத்தி இது:

“விடுமுறை நாட்களில் வரும் கார்களால்தான் மிளகும் காப்பித்தூளும் பலாப்பழமும் விலை போகின்றன, அந்தக் கார்களைத் தடுத்தால் ஏரிக்கரையில் கடை வைத்திருப்பவர்கள் அந்த வாரத்து வருமானத்தையே இழப்பார்கள், ஆகவே கட்டுப்பாடு என்பது ஏழைகளைத்தான் அடிக்கும் என்பர். ஆனாலும் கட்டுப்பாடு தேவை.”

முதல் வாக்கியத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ‘என்பர்’ வரும் வரைக்கும் அது அவளுடைய கருத்தாகவே நம் காதில் விழுகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘யாரோ சொல்கிறார்கள்’ என்ற செய்தியும் அதனோடு சேர்ந்து கடைசியில்தான் வந்து சேர்கிறது. சின்ன வாக்கியத்தில் இதனால் கெடுதல் இல்லை. மூன்று வரி நீளும் வாக்கியத்தில், நாற்பது தாள்களைத் திருத்திக் களைத்த கண் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடும். இதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே இல்லை. இப்போது சொல்கிறேன்: எதிர்வாதம் எழுதும்போது பேசுகிறவரை வாக்கியத்தின் தலையில் நிறுத்து. ‘ஏரிக்கரைக் கடைக்காரர்கள் இதை ஏற்கவில்லை’ என்று ஒரு குறுவாக்கியத்தை முதலில் வைத்துவிட்டால், பிறகு வருவது யார் குரல் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. யாரென்று தெரியாத ‘என்பர்’, ‘சிலர் கூறுவர்’ ஆகியவற்றை என் வகுப்பில் இப்போது தவிர்க்கச் சொல்கிறேன். அந்தச் சிலர் யார் என்று கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் எதிர்வாதமும் உண்மையில் இல்லை.

அந்தப் பத்தியில் இன்னொரு குறையும் இருக்கிறது. கடைக்காரர் தரப்பை மூன்று வரியில் உருக்கமாகச் சொல்லிவிட்டு, ‘ஆனாலும் கட்டுப்பாடு தேவை’ என்ற மூன்று சொல்லில் பதிலை முடித்துவிட்டாள். அது பதிலே அல்ல, பழைய நிலைப்பாட்டையே மறுபடி சொல்வது. நடுவருக்கு அவள் எந்தப் பக்கம் என்று குழம்பியதில் வியப்பில்லை, எதிர்த்தரப்புதான் அந்தப் பத்தியில் வென்றிருந்தது.

இந்தக் குறை அவளுடைய மொழியில் இல்லை, நான் கொடுத்த திட்டத்தாளில் இருந்தது. நம்மில் பலரும் கொடுப்பதுபோல நானும் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்: நிலைப்பாடு, சான்று, எதிர்வாதம், பதில். பத்தாம் வகுப்பில் ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக’ என்று முன்னுரை முதல் முடிவுரை வரை தலைப்புகளை நிரப்பிப் பழகிய பிள்ளைகள் இந்த நான்கையும் அப்படியேதான் நிரப்புவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று இருக்கும், ஒன்று இன்னொன்றைத் தொடாது. எதிர்வாதம் மூன்றாவது கட்டத்தில் வந்து போகும். முதல் கட்டத்தில் எழுதிய நிலைப்பாடு ஒரு சொல்லும் அசையாமல் முடிவுரையில் மறுபடி வந்து நிற்கும்.

ஆகவே இரண்டு கட்டங்களைச் சேர்த்தேன். சான்றுக்குப் பக்கத்தில் ‘இது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை’ என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘இப்போது என் நிலைப்பாடு’ என்று ஒன்று. கட்டுரையை முதல் கட்டத்தை வைத்து எழுதக் கூடாது, ஆறாவது கட்டத்தை வைத்துத்தான் எழுத வேண்டும். நான் உங்களிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான், எனவே அது நடந்த விதத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அதே மாணவி, அதே பொருள். மூன்று பாடவேளை எடுத்துக்கொண்டோம். ஒரு ஏ4 தாளை மடித்து ஆறு கட்டமாக்கினாள். முதல் கட்டத்தில் ‘ஏற்காட்டைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதினாள். இதை மறுத்து நிற்கக்கூடிய ஒரு நல்ல மனிதரைக் காட்டு என்றேன். அவளால் முடியவில்லை. மறுக்க ஆள் இல்லாத வாக்கியம் சுவரில் எழுத உதவும், அதை வைத்து வாதம் செய்ய முடியாது. அடுத்து ‘ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் அதிகம்’ என்று எழுதினாள். அது கண்ணுக்குத் தெரியும் செய்தி. அதற்கும் எதிர்த்தரப்பு இல்லை. மூன்றாம் முறைதான் ‘ஏற்காட்டுக்கு வரும் வெளியூர்க் கார்களுக்கு, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பதுபோல இ-பாஸ் வேண்டும்’ என்று எழுதினாள். இதற்கு எதிரே நிற்க ஆள் உண்டு. அவளுடைய சித்தியே நிற்பார், ஏரிக்கரையில் கடை போட்டிருக்கிறார்.

சான்றுக் கட்டத்தில் அவள் முதலில் எழுதியது, மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பது. உண்மைதான், ஆனால் அது அந்த இடத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. வளைவுகள் வார நாளிலும் அதே இருபதுதான். இரண்டாவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஏரிக்கருகில் நின்று, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, வந்த கார்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கொண்டுவரும் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான், அதனாலேயே மூன்றாவது கட்டத்தில் அதை விடாமல் கேட்டேன். இது எதைக் காட்டுகிறது? அந்த ஞாயிறு, அந்த ஒரு மணி நேரத்தில் இத்தனை கார் வந்தது. எதைக் காட்டவில்லை? இ-பாஸ் வைத்தால் அது குறையும் என்பதைக் காட்டவில்லை. நோய் இருப்பதற்கான சான்று, மருந்து வேலை செய்யும் என்பதற்கான சான்றாகிவிடாது. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஓட்டை இதுதான். முக்கால்வாசிச் சான்றுகள் சிக்கல் இருக்கிறது என்பதை நிறுவிவிட்டு நின்றுவிடும், தீர்வைப் பற்றி எதுவும் சொல்லாது.

மணிமேகலையின் 29-ஆம் காதையை இந்த இடத்தில் பத்து நிமிடம் நடத்தினேன். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களைபோல என்பது திட்டாந்தம். புகையைப் பார்த்ததும் நெருப்பு என்று நாம் தாவுவதற்கு அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பழக்கம்தான் பாலம். கார் எண்ணிக்கைக்கும் இ-பாஸுக்கும் நடுவில் உன்னிடம் இருக்கும் அடுக்களை எது என்று கேட்டேன். கோடையில் எதிரே இருக்கும் சரிவில் புகை எழுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய அடுக்களை ஊட்டி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. ‘ஊட்டியில் இ-பாஸ் வைத்து வாகனங்களைக் கட்டுப்படுத்திவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தாள். செய்தித்தாள்களைத் தேடிப் படிக்க வைத்தேன். தொடக்கத்தில் அந்தப் பாஸ் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று கணக்கெடுப்பதற்காக வந்தது, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. 2025-இல்தான் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸ் என்பது ஒன்று, வரம்பு என்பது வேறொன்று. அவள் எதைக் கேட்கிறாள்? ‘எண்ணிக்கை வரம்புள்ள’ என்ற சொற்கள் அன்றைக்குத்தான் அவளுடைய நிலைப்பாட்டுக்குள் வந்தன. சான்றைச் சரிபார்க்கப் போனதில் நிலைப்பாடே கூர்மையாகிவிட்டது.

நான்காவது கட்டம் எதிர்வாதம். இதில் பட்டிமன்றத்தின் பழக்கம் நமக்குக் குறுக்கே நிற்கிறது. எதிரணி சொன்னதைச் சிறிதாக்கி, கைதட்டல் வாங்கிக்கொண்டு அடிப்பது மேடையில் செல்லும். கட்டுரையில் அது எழுதியவரின் பலவீனமாகவே தெரியும். ‘சுற்றுலாப் பயணிகளின் சுதந்திரம் பாதிக்கும் என்பர்’ என்று ஒரு பொம்மையை நிறுத்தி வைத்து அடிப்பதில் பயன் இல்லை. ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறேன். எதிர்த்தரப்பில் உண்மையாகவே நிற்கும் ஒருவரிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும், எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். ‘ஆமா, நான் சொல்றது இதுதான்’ என்று அவர் தலையாட்டினால்தான் அந்தக் கட்டம் நிரம்பியதாகக் கணக்கு.

சித்தியிடம் போனாள். வருமான இழப்பைப் பற்றிச் சொல்வார் என்று நானும் அவளும் எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு. “ஊட்டிக்குப் போறவங்க முன்னாடியே ரூம் போட்டுட்டுப் போறாங்க கண்ணு. இங்க வர்றவங்க காலைல இட்லி சாப்பிட்டுட்டு, சும்மா ஏற்காடு போயிட்டு வரலாமான்னு கிளம்புற சேலத்துக்காரங்க. அவங்ககிட்ட பாஸ் கேட்டா வீட்லயே உக்காந்துருவாங்க.”

அவளுடைய அடுக்களையையே அந்த அம்மா இடித்துவிட்டார். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பும் தூரம். முன்பதிவு செய்து தங்கும் ஊரில் வேலை செய்யும் ஏற்பாடு, நினைத்ததும் கிளம்பும் ஊரில் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல எதிர்வாதம் இந்த இடத்தில்தான் பிடிக்கும். நிலைப்பாட்டை வெறுமே வேண்டாம் என்று சொல்லாது, சான்றிலிருந்து நிலைப்பாட்டுக்குப் போகும் பாலத்தில் விரிசல் எங்கே என்று காட்டும்.

ஐந்தாவது கட்டத்துக்கு நன்னூல் பாயிரத்தின் எழுவகை மதத்தை எடுத்துக்கொண்டோம். நாம் அதை இலக்கணப் பாடமாக நடத்திவிட்டுக் கடந்துவிடுகிறோம். உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் என்ற முதல் மூன்றும் எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லும் மூன்று வழிகள். அதிலும் மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள். பிறர் கருத்தை முதலில் மேற்கொள்ள வேண்டும், பிறகுதான் களைய வேண்டும். மேற்கொள்ளாமல் களைவதற்கு அங்கே இடம் இல்லை. சித்தி சொன்னதில் எதற்கு உடன்படுகிறாய், எதை மறுக்கிறாய் என்று கேட்டேன். சாதாரண ஞாயிறுகளைப் பற்றி அவர் சொல்வது சரி என்று உடன்பட்டாள். மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்கள் மலர்க் கண்காட்சி பார்க்கவென்று நாள் குறித்துக்கொண்டு வருகிறவர்கள், அவர்களுக்குப் பாஸ் எடுப்பது தடையாகாது என்று மறுத்தாள். இது ஊகம்தானே என்று பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைச் சேர்த்தாள், அதைக் கட்டுரையிலும் அப்படியே விட்டாள்.

பிறகு ஆறாவது கட்டம். அவள் கையெழுத்தில் இருந்தபடியே தருகிறேன்: “கோடை விழா நாட்களுக்கு மட்டும் வெளியூர்க் கார்களுக்கு எண்ணிக்கை வரம்புள்ள இ-பாஸ் வேண்டும், அதில் ஒரு பங்கை அன்றைக்குக் காலையில் அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ள ஒதுக்க வேண்டும், மற்ற ஞாயிறுகளில் பாஸ் வேண்டாம், கூடுதல் பேருந்து விட்டால் போதும்.” முதல் கட்டத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் அவள் எவ்வளவு தூரம் யோசித்தாள் என்பது ஒரே தாளில் தெரிகிறது.

கட்டுரையில் அந்தப் பழைய பத்தி இப்படி மாறியது:

“ஏரிக்கரைக் கடைக்காரர்கள் இ-பாஸை ஏற்கவில்லை. ஊட்டிக்குச் செல்வோர் முன்பதிவு செய்து செல்கிறார்கள், ஏற்காட்டுக்கு வருவோர் காலையில் நினைத்துக் கிளம்புகிறார்கள், எனவே ஊட்டியின் ஏற்பாடு இங்கே பொருந்தாது என்பது அவர்கள் வாதம். சாதாரண ஞாயிறுகளைப் பொறுத்தவரை இது சரி, அந்த நாட்களில் நானும் பாஸ் கேட்கவில்லை. ஆனால் கோடை விழாவுக்கு வருவோர் பெரும்பாலும் நாள் குறித்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களிடம் பாஸ் கேட்பதால் கடை வியாபாரம் படுத்துவிடாது.”

இதைப் படித்துவிட்டு, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

இந்த முறையில் எனக்கு ஏற்பட்ட சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பருவத்திலேயே சில பிள்ளைகள் கட்டத்தைக் கண்டுகொண்டார்கள். ஆறாவதில் மாற்றம் தெரிய வேண்டும் என்பதற்காக முதல் கட்டத்தில் வேண்டுமென்றே மொட்டையாக ஒன்றை எழுதி வைத்தார்கள். அதனால் இப்போது முதல் கட்டத்தை எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, மறுக்க முடியுமா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒன்றும் ஆறும் ஒன்றாகவே இருந்தால் உடனே தவறு என்றும் சொல்லக் கூடாது. எதிர்வாதத்தைச் சான்று கொண்டு முழுதாக வீழ்த்தியிருந்தால் நிலைப்பாடு மாற வேண்டியதில்லை. அப்போது ஐந்தாவது கட்டத்தைப் பார்ப்பேன். இரண்டாவது கட்டத்தில் இல்லாத புதுச் சான்று ஒன்று அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ‘ஆனாலும் கட்டுப்பாடு தேவை’யின் இன்னொரு வடிவம்தான்.

தேர்விலும் போட்டியிலும் ஆறு கட்டம் போட நேரம் இருக்காது. ஐந்து நிமிடம் இருந்தால் ஒன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றை மட்டும் வரி வரியாகக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். எதிர்வாதமும் ஒன்று போதும், வலுவானதாக இருக்கட்டும். அதை முடிவுரைக்கு முந்தின பத்தியில் வைத்தால், பதிலை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாதியில் நின்ற கட்டுரையில் கடைசியாக ஒலிப்பது எதிர்த்தரப்பின் குரலாகிவிடும். சான்றுப் பத்தி முடிந்ததுமே எழுதிவிடுவது நல்லது. மூன்று கட்டுரைக்கு அச்சடித்த தாளைக் கொடுங்கள், நான்காவதுக்கு வெற்றுத்தாள் கொடுத்துக் கட்டங்களை அவர்களையே போட்டுக்கொள்ள விடுங்கள். இல்லையென்றால் தாள் இல்லாமல் எழுத வராது.

இனி என் வேண்டுகோள். நம்மில் பலர் வரும் கல்வியாண்டிலும் கட்டுரைப் போட்டிகளுக்கு நடுவர்களாக உட்காரப் போகிறோம். எதிர்த்தரப்பை எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அது யார் குரல் என்பது தெளிவாக இருக்கிறதா, அதற்கு உண்மையான பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தாராளமாகக் குறையுங்கள். முடிந்தால் போட்டித்தாளோடு ஒரு திட்டத்தாளும் கொடுத்து, பத்து நிமிடம் தனியாக ஒதுக்கி, இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரையில் புரியாத இடம் திட்டத்தாளில் புரியும். எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஆறாவது கட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

என் வகுப்பில் மடித்த தாள்கள் ஒரு கட்டு சேர்ந்திருக்கின்றன, வெற்றி பெற்றவையும் சொதப்பியவையும் கலந்துதான். எங்கள் குறுவளமையக் கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டு வருகிறேன். உங்கள் பிள்ளைகளின் தாள்களையும் நீங்கள் எடுத்து வந்தால், ஒன்றாம் கட்டத்தையும் ஆறாம் கட்டத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் படித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
மலைமேல் இருந்து ஒரு தமிழாசிரியர்